எடுப்பவர் திரும்பக் கேட்காதபடி ஒரு வேலையை எழுதுவது எப்படி?

"எக்ஸ்போர்ட் ஃபைலில் தமிழ் சரியாக வரவில்லை. சரிசெய்யவும். அவசரம்."

இது நான் டெவலப்பர்களுக்கு வேலை கொடுக்க எழுதிய குறிப்பு, அதாவது டிக்கெட். எழுத அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகத்தான் அப்போது நினைத்தேன். அதை எடுத்த டெவலப்பர் ஃபைலைத் தன் கணினியில் திறந்து பார்த்தார். எழுத்துகள் ஒழுங்காகத் தெரிந்தன. "எனக்குச் சரியாகத்தான் வருகிறது" என்று ஒரு கமெண்ட் போட்டு மூடிவிட்டார். நான் மறுபடி திறந்தேன். எந்த ஃபைல், எதில் திறந்தீர்கள், யாருக்கு இப்படி வருகிறது என்று கேள்விகள் வந்தன. பதில் போய்ச் சேர இரண்டு நாள். பிறகு அவர் சரிசெய்தார், தமிழும் தெரிந்தது. அடுத்த நாள் காலையில் பார்த்தால், அதே வழியில் இரவில் உருவாகும் இன்னொரு ஃபைலை எடுத்துக்கொள்ளும் புரோகிராம் நின்றுபோயிருந்தது. அப்படி ஒரு புரோகிராம் இருப்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. நான் எழுதவில்லை.

இந்த ஒரு டிக்கெட்டையே எடுத்துக்கொண்டு, முதலில் எப்படி எழுதியிருக்க வேண்டும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். மென்பொருள் வேலையாக இருப்பதால் சில தொழில்நுட்ப விவரங்கள் வரும். தேவையானதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

1. டிக்கெட்டுக்கு முன் கேள்விகள்

வெற்றுத் தாளில் டிக்கெட்டை எழுதத் தொடங்கினால், நம் மனதில் முன்னால் நிற்பது மட்டும்தான் தாளில் இறங்கும். பின்னால் இருப்பதெல்லாம் "அதுதான் எல்லோருக்கும் தெரியுமே" என்று விட்டுப்போகும். அதனால் நான் இப்போது வேறு மாதிரி தொடங்குகிறேன். நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்தவர், நான் விடுப்பில் இருக்கும் நாளில், இந்த வேலையை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வேன். அவர் என்னிடம் போனில் கேட்கக்கூடிய கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதுவேன். பதில் எழுதுவதில்லை, அது அப்புறம்.

மேலே சொன்ன டிக்கெட்டுக்கு என் பட்டியல் இப்படி வந்திருக்கும்: எந்தப் பக்கத்தில், எந்தப் பட்டனை அழுத்தினால் வரும் ஃபைல்? எந்த மென்பொருளில், எப்படித் திறக்கிறார்கள்? சரியாக வரவில்லை என்றால் திரையில் என்னதான் தெரிகிறது? எல்லா வரியிலுமா, சிலவற்றில் மட்டுமா? எப்போதிலிருந்து? அந்த ஃபைலை வேறு யார் பயன்படுத்துகிறார்கள்? ஃபைல் இப்போதுள்ள சி.எஸ்.வி வடிவத்திலேயே, அதாவது கட்டங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் வெறும் எழுத்து ஃபைலாகவே, இருக்க வேண்டுமா? எந்த சர்வரில் சோதித்துப் பார்ப்பது? எதற்காக அவசரம், எந்தத் தேதிக்குள்?

எழுத ஐந்து நிமிடம் ஆகும். எழுதி முடித்ததும் ஒரு விஷயம் பிடிபடும். இவற்றில் சிலவற்றுக்கு எனக்கே பதில் தெரியாது. "எல்லா வரியிலுமா" என்று நான் பார்க்கவே இல்லை. சி.எஸ்.வியாகவே இருக்க வேண்டுமா என்று, ஃபைலைப் பயன்படுத்தும் கணக்குப் பிரிவைக் கேட்கவும் இல்லை. பதில் தெரியாத கேள்வியை டிக்கெட்டோடு சேர்த்து அடுத்தவர் தலையில் கட்டுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. அவர் அந்தக் கேள்வியோடு என்னிடம் வருவார், நான் கணக்குப் பிரிவுக்குப் போவேன், இடையில் ஒரு நாள் ஓடிவிடும். அந்த நடையை டிக்கெட் எழுதும் முன்பே நான் நடந்து முடித்திருக்க வேண்டும்.

2. இப்போது என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து எழுதுங்கள்

"சரியாக வரவில்லை" என்பது என் தீர்ப்பு. எடுப்பவருக்கு வேண்டியது தீர்ப்பு அல்ல, நான் பார்த்த காட்சி. கணக்குப் பிரிவில் போய் நின்று பார்த்தபோது நடந்தது இதுதான்: உறுப்பினர் பட்டியல் பக்கத்தில் "பதிவிறக்கு" பட்டனை அழுத்துகிறார்கள், `members.csv` இறங்குகிறது, அதை இரட்டைச் சொடுக்கு சொடுக்கி விண்டோஸ் கணினியின் எக்செலில் திறக்கிறார்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் `à®•` என்று தொடங்கும் குப்பை எழுத்துகள். ஆங்கிலத்தில் உள்ள பெயர்கள் ஒழுங்காக இருக்கின்றன.

இந்த நான்கு வரி இருந்திருந்தால் டெவலப்பருக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. 'க' என்பது `E0 AE 95`. ஃபைலின் தொடக்கத்தில் "இது யூ.டி.எஃப்-8" என்று சொல்லும் அடையாளம் இல்லாவிட்டால், பல விண்டோஸ் கணினிகளில் எக்செல் அதைப் பழைய ஒற்றை பைட் முறையில் எழுதப்பட்டதாக எடுத்துக்கொள்கிறது. மூன்று பைட்டும் மூன்று தனி எழுத்தாகி `à`, `®`, `•` என்று நிற்கின்றன. அனுபவம் உள்ளவர் `à®` என்று பார்த்த மாத்திரத்தில் காரணத்தைச் சொல்லிவிடுவார். நான் அந்த எழுத்துகளை டிக்கெட்டில் போடவே இல்லை. அவர் திறந்த டெக்ஸ்ட் எடிட்டரோ அந்த அடையாளம் இல்லாமலே யூ.டி.எஃப்-8ஐப் புரிந்துகொள்ளும். "எனக்குச் சரியாகத்தான் வருகிறது" என்று அவர் சொன்னது முழு உண்மை.

இந்தப் பகுதியை எழுதும்போது, செய்கையின் வரிசையை அப்படியே எழுதுங்கள்: எங்கே போனேன், எதை அழுத்தினேன், எதில் திறந்தேன், என்ன தெரிந்தது. திரையில் வந்த வாசகத்தை ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் போடாமல் எழுத்தாகவும் ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து இதே கோளாறு வந்தால் தேடுபவருக்குப் படத்துக்குள் இருக்கும் எழுத்து பெரும்பாலும் அகப்படாது. ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கட்டும். ஆனால் அதை முழுத் திரையாக எடுங்கள். மென்பொருளின் பெயரும் முகவரிப் பட்டையும் தெரிந்தாலே "எந்த சர்வர்?" என்ற கேள்வி வராது.

3. என்ன வேண்டும் என்பதும் எப்படிச் செய்வது என்பதும் வேறு வேறு

தமிழில் தெரிய வேண்டும், இது தேவை. ஃபைலின் தொடக்கத்தில் மூன்று பைட் அடையாளத்தைச் சேர், இது வழி. டிக்கெட் எழுதுபவருக்குக் கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிந்துவிட்டால் தேவையை விழுங்கிவிட்டு வழியை மட்டும் எழுதுவார். எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அதில் உள்ள சிக்கல், வழி தவறாக இருந்தாலும் எடுப்பவர் அதையே செய்து முடிப்பார். எதற்காக என்று தெரியாதவரால் "இது சரிப்படாதே" என்று சொல்ல முடியாது.

அதற்காக நமக்குத் தெரிந்த வழியை மறைக்கவும் வேண்டாம். தனியாக, "என் யூகம்" என்று தலைப்புப் போட்டு எழுதிவிடுங்கள். யூகம் என்ற சொல் அங்கே இருந்தால் எடுப்பவர் அதைச் சோதித்துப் பார்ப்பார். இல்லாவிட்டால் கட்டளையாக எடுத்துக்கொள்வார்.

இன்னொன்று, முடிவாகாத விஷயங்கள். சி.எஸ்.வியை விட்டுவிட்டு நேரடியாக எக்செல் ஃபைலாகவே கொடுத்துவிடலாமே என்று எடுப்பவருக்குத் தோன்றும். நியாயமான எண்ணம்தான். அதைப் பற்றி டிக்கெட் வாய் திறக்காவிட்டால் அவர் கேட்பார், அல்லது கேட்காமலே செய்துவிடுவார். கணக்குப் பிரிவைக் கேட்டேன். சொடுக்கினால் திறக்க வேண்டும், பெயர் தெரிய வேண்டும், ஃபைல் எந்த வகையாக இருந்தாலும் கவலையில்லை என்றார்கள். ஆகவே முடிவு எங்கள் கையில். சி.எஸ்.வியாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். காரணம், எக்செல் ஃபைல் உருவாக்கப் புதிய லைப்ரரி ஒன்றை, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த புரோகிராமை, சேர்க்க வேண்டும், இந்தச் சிறு வேலைக்கு அது வேண்டாம். டிக்கெட்டில் முடிவை மட்டும் எழுதாமல் இந்தக் காரணத்தையும் எழுத வேண்டும். அந்த லைப்ரரி ஏற்கெனவே வேறு எங்கோ பயன்பாட்டில் இருப்பது எடுப்பவருக்குத் தெரிந்திருக்கலாம். காரணத்தைப் படித்தால்தான் "அந்தக் காரணம் இப்போது இல்லை" என்று அவரால் சொல்ல முடியும்.

முடிவெடுக்க முடியாத நிலை என்றால்? அந்த டிக்கெட்டை இன்னும் கொடுக்காதீர்கள். முடிவெடுப்பதையே ஒரு தனி வேலையாக, ஒரு பெயருக்கும் ஒரு தேதிக்கும் எழுதி வையுங்கள்.

4. எதைத் தொடக்கூடாது, எது யாரைப் பாதிக்கும்

நான் பட்ட அடி இங்கேதான். டிக்கெட்டுகளில் அதிகம் விடுபடுவதும் இந்தப் பகுதிதான் என்று நினைக்கிறேன். "செய்" என்று சொல்வது நினைவில் இருக்கும். "இதைச் செய்யாதே" என்பது, ஏதாவது உடையும் வரை யாருக்கும் நினைவுக்கு வராது.

நடந்தது இதுதான். பதிவிறக்கு பட்டன் பயன்படுத்தும் அதே ஃபங்ஷன்தான் இரவில் இன்னொரு ஃபைலையும் உருவாக்குகிறது. அதை ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் படித்து வேறொரு தரவுத்தளத்தில் ஏற்றும். டெவலப்பர் அந்தப் பொதுவான ஃபங்ஷனில் அடையாளத்தைச் சேர்த்தார். எக்செலுக்கு அது போதும். ஆனால் அந்த ஸ்கிரிப்ட் ஃபைலைச் சாதாரண யூ.டி.எஃப்-8ஆகத் திறக்கிறது. அப்படித் திறந்தால் அடையாளம் முதல் நெடுவரிசையின் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும். `id` என்று இருந்த தலைப்பு `\ufeffid` ஆகிவிட்டது. ஸ்கிரிப்ட் `id`ஐத் தேடியது, கிடைக்கவில்லை, இப்படிச் சொல்லிவிட்டு நின்றது:

```
KeyError: 'id'
```

இதில் டெவலப்பரின் தவறு என்ன என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அந்த ஸ்கிரிப்ட் புரோகிராம்களைச் சேமிக்கும் வேறு ஒரு களஞ்சியத்தில், வேறு குழுவின் கையில் இருக்கிறது. அவர் எவ்வளவு தேடியிருந்தாலும் அவர் கோடில் அது தென்பட்டிருக்காது.

எல்லையை எழுத எனக்கு உதவும் கேள்விகள் இரண்டு. முதலாவது: நான் மாற்றச் சொல்லும் பொருளை வேறு யார், எது படிக்கிறது? மனிதர், புரோகிராம், மாதம் ஒருமுறை எடுக்கும் அறிக்கை, எல்லாம் இதில் சேரும். இரண்டாவது: இந்த வேலைக்குள் நுழைபவர் கண்ணில் வேறென்ன கோளாறு படும்? எங்கள் ஃபைலில் ஒன்று இருக்கிறது. 0வில் தொடங்கும் தொலைபேசி எண்களை எக்செல் வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள 0வைத் தின்றுவிடும். டெவலப்பர் சோதிக்கும்போது அது கண்ணில் பட்டே தீரும். "இதையும் சேர்த்துச் சரிசெய்துவிடட்டுமா?" என்ற கேள்வி உறுதி. அதற்கு முன்கூட்டியே ஒரு வரி: தொலைபேசி எண் பிரச்சினை தெரியும், தனி டிக்கெட்டில் இருக்கிறது, இதில் தொட வேண்டாம்.

இந்தப் பகுதியை நீட்டி முழக்க வேண்டியதில்லை. உலகத்தில் தொடக்கூடாதவை எல்லாவற்றையும் பட்டியலிட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். நல்ல எண்ணத்தோடு கை போகக்கூடிய இடங்கள் இரண்டு மூன்றுதான் இருக்கும். அவற்றை எழுதினால் போதும்.

5. முடிந்தது என்று எப்படித் தெரியும்

"தமிழ் சரியாகத் தெரிய வேண்டும்" என்று எழுதினால், முடிந்ததா என்று சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். எடுப்பவர் என்னிடம் வந்து காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும், அதுவும் ஒரு கேள்விதானே. அவரே தன் இடத்தில் உட்கார்ந்து ஆம், இல்லை என்று சொல்லும்படியான சோதனையாக மாற்ற வேண்டும்.

இதற்கு நான் மூன்று விஷயம் எழுதுவேன்: எதை வைத்துச் சோதிப்பது, என்ன செய்வது, என்ன தெரிய வேண்டும். சோதனைப் பெயர்களைக்கூட நானே கொடுத்துவிடுவேன். "சில தமிழ்ப் பெயர்கள்" என்று எழுதினால் அவர் "மாலா" என்று போட்டுப் பார்த்துவிட்டு முடித்துவிடுவார். கௌரி, ஸ்ரீ, ஓர் ஆங்கிலப் பெயர், நடுவில் காற்புள்ளி உள்ள ஒரு பெயர், இந்த நான்கும் இருந்தால் கூட்டெழுத்தும் தெரியும், காற்புள்ளி ஒரு பெயரை இரண்டு கட்டமாக உடைக்கவில்லை என்பதும் தெரியும்.

இரவு ஃபைலுக்கான சோதனையில் கண்ணை நம்ப முடியாது. அந்த அடையாளம் எடிட்டரில் கண்ணுக்குத் தெரியாது. முதல் மூன்று பைட்டைப் பார்க்க ஒரு கட்டளை கொடுத்துவிடுவது மேல்:

```
head -c 3 nightly.csv | xxd -p
```

`69642c` என்று வந்தால் ஃபைல் `id,` என்றே தொடங்குகிறது, நல்லது. `efbbbf` என்று வந்தால் அடையாளம் உள்ளே புகுந்துவிட்டது, இரவு வேலை நிற்கும்.

கவனித்தீர்களா, பதிவிறக்கும் ஃபைலுக்கு நான் இந்தக் கட்டளையைச் சோதனையாக வைக்கவில்லை. அங்கே `efbbbf` வர வேண்டும் என்று எழுதினால் யூகமாக வைத்த வழியையே மறைமுகமாகக் கட்டளையாக்கிவிடுவேன். அங்கே சோதனை, எக்செலில் கண்ணால் பார்ப்பதுதான்.

6. தமிழ் வாக்கியம் ஒளித்துவைக்கும் இடங்கள்

தமிழில் டிக்கெட் எழுதும்போது ஒரு சிக்கல் உண்டு. நம் மொழியில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசலாம், யாருக்கும் உறுத்தாது. "பட்டியல் அனுப்பப்பட வேண்டும்" என்று எழுதினால் இலக்கணப்படி முழு வாக்கியம். அனுப்புவது யார், பெறுவது யார், எப்போது என்ற மூன்றும் காணோம். "கணக்குப் பிரிவிடம் உறுதி செய்யப்பட்ட பின் வெளியிடவும்" என்பதும் இதே ரகம். உறுதி செய்வது டெவலப்பரா, நானா? இருவரும் மற்றவர் செய்வார் என்று காத்திருப்போம். "-ப்பட" என்று வரும் ஒவ்வொரு சொல்லிலும் நின்று, யார் என்று கேட்டு, ஆளை உள்ளே கொண்டுவாருங்கள்: "சோதனை சர்வரில் போட்டதும் நீங்கள் டிக்கெட்டில் எழுதுங்கள். நான் கணக்குப் பிரிவிடம் காட்டி, அதே நாள் பதில் எழுதுகிறேன்."

அடுத்தது "-லாம்". "ஃபைலின் பெயரை மாற்றலாம்" என்றால் என்ன பொருள்? மாற்ற உங்களுக்கு அனுமதி உண்டு, விருப்பம் இருந்தால் செய்யுங்கள் என்றும் படிக்கலாம். வாருங்கள், மாற்றிவிடுவோம் என்றும் படிக்கலாம். பேச்சில் குரல் காட்டிக்கொடுக்கும், எழுத்தில் அது இல்லை. இணையத் தரங்களை எழுதுபவர்களுக்கும் இதே போன்ற தொல்லை இருந்திருக்கிறது. 1997இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி 2119 என்ற சிறிய ஆவணம், 'கட்டாயம்', 'செய்வது நல்லது', 'விருப்பம்' என்ற மூன்று நிலைக்கும் எந்தெந்தச் சொல், அதற்கு என்ன பொருள் என்று வரையறுத்தது. அவ்வளவு தூரம் நாம் போக வேண்டாம். நான் கட்டாயத்துக்கு "வேண்டும்", தடைக்கு "கூடாது" என்று வைத்துக்கொண்டு, "-லாம்" வரும் இடத்தில் "உங்கள் விருப்பம்" என்று வெளிப்படையாக எழுதுகிறேன்.

"முதலியன", "தேவைப்பட்டால்", "விரைவில்", இவையும் கேள்வி பிறக்கும் இடங்கள்தான். "அவசரம்" என்பதும் அப்படியே. என் டிக்கெட்டில் அவசரம் என்று இருந்தது. உண்மை என்னவென்றால், 10ஆம் தேதி உறுப்பினர் கடிதங்கள் அச்சுக்குப் போகின்றன, பட்டியல் 8ஆம் தேதி மாலைக்குள் கையில் வேண்டும். இப்படித் தேதியும் காரணமும் எழுதியிருந்தால் டெவலப்பர் தன் மற்ற வேலைகளோடு வைத்துப் பார்த்து நாளைக் குறித்திருப்பார். அதைவிட, ஃபைலைச் சொடுக்காமல் எக்செலின் டேட்டா பகுதி வழியாக உள்ளே கொண்டுவந்து, `65001: Unicode (UTF-8)` என்பதைத் தேர்ந்தெடுத்தால் இன்றே தமிழ் தெரியும் என்று அவரே சொல்லியிருக்கக்கூடும். மாற்று வழி இருப்பது தெரிந்தால் அவசரத்தின் அளவே மாறிவிடும். அதனால் மாற்று வழியையும் டிக்கெட்டில் எழுதுங்கள்.

7. எல்லாம் சேர்ந்து எப்படி இருக்கும்

> பதிவிறக்கிய உறுப்பினர் பட்டியலை எக்செலில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் குப்பை எழுத்தாகத் தெரிகின்றன
>
> இப்போது: உறுப்பினர் பட்டியல் பக்கத்தில் "பதிவிறக்கு" அழுத்தி, `members.csv`ஐ விண்டோஸ் எக்செலில் இரட்டைச் சொடுக்கித் திறந்தால், தமிழ்ப் பெயர்கள் எல்லாம் `à®•` போன்ற எழுத்துகளாகத் தெரிகின்றன. ஆங்கிலப் பெயர்கள் சரி. டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் தமிழும் சரி.
>
> வேண்டியது: அதே ஃபைலை அதே முறையில் திறந்தால் பெயர்கள் பக்கத்தில் உள்ளபடியே தெரிய வேண்டும். சி.எஸ்.வியாகவே இருக்க வேண்டும். எக்செல் ஃபைலுக்குப் புதிய லைப்ரரி சேர்க்க வேண்டியிருக்கும் என்பதால் இந்த முடிவு.
>
> எப்போதைக்குள்: 8ஆம் தேதி மாலை. 10ஆம் தேதி கடிதங்கள் அச்சுக்குப் போகின்றன. முடியாவிட்டால் 7ஆம் தேதி சொல்லுங்கள். எக்செலின் டேட்டா பகுதி வழியாகத் திறக்கும் முறையை நான் கணக்குப் பிரிவுக்குக் காட்டிவிடுகிறேன்.
>
> தொடக்கூடாதவை: இரவில் உருவாகும் `nightly.csv` மாறக்கூடாது. அதே ஃபங்ஷனிலிருந்துதான் வருகிறது, வேறு குழுவின் ஸ்கிரிப்ட் அதைப் படிக்கிறது. தொலைபேசி எண்ணில் முன் 0 மறைவது தனி டிக்கெட், இதில் வேண்டாம்.
>
> முடிந்ததா என்று பார்க்க: சோதனை சர்வரில் கௌரி, ஸ்ரீ, ஓர் ஆங்கிலப் பெயர், காற்புள்ளி உள்ள ஒரு பெயர் என நான்கு உறுப்பினர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். (1) பதிவிறக்கி எக்செலில் திறந்தால் நான்கும் ஒரு கட்டத்துக்கு ஒன்றாகச் சரியாகத் தெரிய வேண்டும். (2) `head -c 3 nightly.csv | xxd -p` என்பதற்கு `69642c` வர வேண்டும்.
>
> என் யூகம்: ஃபைலின் தொடக்கத்தில் யூ.டி.எஃப்-8 அடையாளம் இல்லை. சோதித்துப் பார்க்கவில்லை.

தலைப்பைப் பாருங்கள். "எக்ஸ்போர்ட் பிரச்சினை" என்று வைத்தால், ஐம்பது டிக்கெட் வரிசையில் எது எது என்று தெரியாது. எங்கே, என்ன செய்தால், என்ன ஆகிறது என்ற மூன்றும் ஒரே வரியில் இருந்தால் தலைப்பைப் படித்தே "இது என் வேலை" என்று ஒருவர் எடுக்க முடியும். தலைப்பை நான் கடைசியில்தான் எழுதுவது, அப்போதுதான் விஷயம் எனக்கே தெளிவாக இருக்கும்.

எல்லா வேலைக்கும் இவ்வளவு எழுத வேண்டாம். எழுத்துப்பிழை திருத்துவதற்கு இரண்டு வரி போதும். காரணமே தெரியாமல் "சர்வர் ஏன் மெதுவாகிறது என்று பாருங்கள்" என்பது போன்ற வேலைக்கு முடிவை எழுத முடியாது. அங்கே, எந்தக் கேள்விக்கு விடை வேண்டும், எவ்வளவு நேரம் செலவிட வேண்டும், நேரம் முடிந்ததும் என்ன எழுதித் தர வேண்டும் என்ற மூன்றை எழுதலாம்.

8. கொடுக்கும் முன் வாயை மூடிக்கொண்டு ஒரு சோதனை

எழுதியவர் படித்தால் எல்லாம் தெளிவாகத்தான் இருக்கும், விட்டுப்போனதை மனமே நிரப்பிவிடும். அந்தப் பேச்சிலேயே இல்லாத ஒருவரிடம் கொடுத்து, "படித்துவிட்டு முதல் அரை மணி நேரம் என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள்" என்று கேட்பேன். புரிந்ததா என்று மட்டும் கேட்கவே மாட்டேன். யாரைக் கேட்டாலும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள்.

அவர் சொல்லும்போது நான் குறுக்கே பேசக்கூடாது. இது கஷ்டமான காரியம். "இல்லை இல்லை, அது வந்து..." என்று வாய் வந்துவிடும். அப்படி வரும் ஒவ்வொரு இடமும் டிக்கெட்டில் ஓர் ஓட்டை. அதைக் குறித்துக்கொள்வேன்.

மேலே உள்ள டிக்கெட்டை ஒரு தோழியிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "முதலில் சோதனை சர்வருக்குள் போவேன்... எனக்கு அங்கே அனுமதி இருக்கிறதா?" என்றார். எனக்குத் திக்கென்றது. நான்கு உறுப்பினர்களையும் சேர்த்து வைத்தவனுக்கு, அந்தக் கதவின் சாவியைப் பற்றி எழுதத் தோன்றவில்லை. அடுத்து, "விண்டோஸ் எக்செல் என்னிடம் இல்லையே" என்றார். அவருடையது வேறு வகைக் கணினி. இரண்டு வரி சேர்த்தேன்: சோதனை சர்வர் அனுமதியை யாரிடம், எப்படி வாங்குவது, விண்டோஸ் எக்செல் இல்லாதவர் எந்தப் பொதுக் கணினியில் பார்க்கலாம். எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு இந்த இரண்டும், அனுமதியும் கருவியும், விட்டுப்போகின்றன. கையில் இருக்கிறவனுக்கு இல்லாதவன் நிலை தெரிவதில்லை.

9. கேள்வி வந்தே விட்டால்

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்றிரண்டு வரும். பதிலைப் போனிலோ கமெண்டிலோ மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். விளக்கத்திலேயே உரிய இடத்தில் எழுதி, கமெண்டில் "மேலே சேர்த்துவிட்டேன்" என்று ஒரு வரி போடுங்கள். பாதியில் வேலை கை மாறினால், புதிதாக வருபவர் முப்பது கமெண்டைத் தோண்டி எது கடைசி முடிவு என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்காது. முடிவு மாறினால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். இரண்டும் அருகருகே நின்றால் அடுத்த கேள்வி எது என்று சொல்ல வேண்டியதில்லை.

மூடிய டிக்கெட்டுகளில் கடைசிப் பத்தை எடுத்து, கமெண்டுகளில் வந்த கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஆளுக்கு ஆள் மறக்கும் விஷயம் வேறுபடும் போலிருக்கிறது. என் பட்டியலில் "எந்த சர்வர்?" ஆறு முறை வந்திருந்தது. "இதை வேறு யார் பயன்படுத்துகிறார்கள்?" என்று ஒரே ஒருவர்தான் கேட்டிருந்தார். அவர் கேட்ட டிக்கெட்டில் மட்டும் எதுவும் உடையவில்லை.